"உடலில் உலோகம் உள்ளதா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்: ஸ்கேன் மைய நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையங்களை நடத்தும் உரிமையாளர்களுக்கும், மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், படிவத்தின் தலைப்பில் பெயர் அச்சிடப்பட்டிருக்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன். ஒரு நோயாளியைக் காந்த அறைக்குள் அனுப்பலாமா வேண்டாமா என்று கடைசியாகத் தீர்மானிப்பவர்கள் எங்களைப் போன்றவர்கள்தாம். அப்படித் தீர்மானிக்க எங்கள் கையில் இருப்பது நீங்கள் அச்சடித்துக் கொடுக்கும் ஒற்றைத் தாள். அதில் உள்ள கேள்விகளின் வாசகத்தைப் பற்றி மட்டுமே இந்த மடலில் எழுதுகிறேன். இயந்திரத்தைப் பற்றியும் ஆள் பற்றாக்குறையைப் பற்றியும் வேறொரு நாள் சண்டையிட்டுக்கொள்ளலாம்.

பல மையங்களின் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்துருவும் சின்னமும் மாறும், நடுவில் இருக்கும் கேள்வி மட்டும் ஏறக்குறைய மாறாது: "தங்கள் உடலில் பேஸ்மேக்கர், கிளிப், ஸ்டென்ட், காக்ளியர் இம்ப்ளான்ட், செயற்கை மூட்டு அல்லது வேறு ஏதேனும் உலோகப் பொருள் பொருத்தப்பட்டுள்ளதா? ஆம் / இல்லை." அதற்குக் கீழே, "மேற்கண்ட விவரங்கள் உண்மை, பின்விளைவுகளுக்கு நானே பொறுப்பு" என்ற வரி. அதற்கும் கீழே கையொப்பம். அந்தக் கையொப்பம் பெரும்பாலும் பில் கவுண்டரில் நிற்கும் மகனுடையதாகவோ மருமகனுடையதாகவோ இருக்கும்.

இந்த ஒரே வரியில் ஐந்து பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் செய்ய வேண்டியது வெவ்வேறு. செயற்கை மூட்டும் இதய ஸ்டென்ட்டும் இருப்பவர்களைப் பெரும்பாலும் ஸ்கேன் செய்யலாம். மூளையில் பழைய கிளிப் இருப்பவரை, அந்தக் கிளிப் எது என்று தெரியும் வரை வாசலைத் தாண்ட விடக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'டிக்' கேட்டால், அந்த 'டிக்' எதைச் சொல்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைவிடப் பெரிய குறை வேறு. இந்தக் கேள்வி நோயாளியிடம் அவருக்குத் தெரியாததைக் கேட்கிறது, தெரிந்ததைக் கேட்பதில்லை. தமக்குள் என்ன பொருள் வைத்தார்கள், அது உலோகமா பிளாஸ்டிக்கா என்பது பலருக்குத் தெரியாது. எந்த இடத்தில் அறுத்தார்கள், எங்கே தையல் போட்டார்கள், எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நிகழ்வை முழுதாகச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, முதுகுவலிக்காக இடுப்பு முதுகெலும்பு ஸ்கேன் எடுக்க வந்தார். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். படிவத்தைப் பேரன் நிரப்பியிருந்தான், எல்லாவற்றுக்கும் 'இல்லை'. அறைக்கு வெளியே அவரை உட்காரவைத்து என் வழக்கப்படி கேட்டேன்.

"பாட்டி, தலையில் எப்போதாவது ஆபரேஷன் செய்து தையல் போட்டிருக்கிறார்களா?"

"ஆமாம் சாமி, மண்டையைத் திறந்தார்கள். உள்ளே ரத்தக்குழாய் வீங்கிக் கசிந்ததாம். இவன் அம்மாவுக்குக் கல்யாணம் ஆன புதிதில்."

"அதை ஏன் இதில் எழுதவில்லை?"

"அதுதான் குணமாகிவிட்டதே. இப்போது முதுகுதானே வலிக்கிறது?"

பாட்டி பொய் சொல்லவில்லை. பேரனும் பொய் எழுதவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பு நடந்த ஆபரேஷன் அது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் வந்தது, கேள்விதான் தவறு. ஆறிப்போன ஆபரேஷனை மக்கள் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. முதுகுக்கு வந்தவர் தலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்பதும் இயல்பு. ஆனால் இயந்திரத்துக்கு முதுகு வேறு, தலை வேறு என்று இல்லை. இடுப்பைப் படம் எடுக்கும்போதும் தலை அந்தக் காந்தப் புலத்தைக் கடந்தோ அதன் ஓரத்திலோதான் இருக்கும்.

மூளை ரத்தக்குழாயில் பலூன் போல வீங்கிய இடத்தின் கழுத்தை, துணி காயப்போடும் கிளிப் மாதிரி ஒரு சிறு கிளிப்பால் இறுக்கிவிடுவார்கள். இன்று பயன்படுத்தப்படும் டைட்டானியம் கிளிப்புகளைக் காந்தம் இழுக்காது. பழைய வகைகளில் சில, காந்தம் இழுக்கும் எஃகால் ஆனவை. நம் மையங்களில் வழக்கமான 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. இழுப்பதோடு நிற்காமல், தன் திசைக்கு ஏற்பக் கிளிப்பைத் திருப்பவும் அது முயலும். மெல்லிய குழாயைக் கடித்துக்கொண்டிருக்கும் கிளிப் சற்றுத் திரும்பினாலும் போதும், குழாய் கிழிந்துவிடும். இப்படி ஒரு மரணம் அமெரிக்காவில் நடந்து, 1993 இல் மருத்துவ இதழில் விவரமாக வெளியானது. அங்கே கேள்வி கேட்காமல் விடவில்லை. கிளிப் இருப்பது தெரிந்தே, ஆபரேஷன் குறிப்பையும் பார்த்திருக்கிறார்கள். அதில் பதிவாகியிருந்தது காந்தம் இழுக்காத வகையின் பெயர். தலைக்குள் இருந்ததோ வேறு வகை. 'ஆம்' என்ற பதில் கிடைத்த பிறகும் வேலை எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் பாட்டியின் விஷயத்தில் என்ன செய்தோம்? முதலில் ஸ்கேனை நிறுத்தினோம். தலைக்கு எக்ஸ்ரே எடுத்ததில் கிளிப் இருப்பது தெரிந்தது. எக்ஸ்ரே அதைத்தான் சொல்லும். எந்த நிறுவனம், எந்த மாதிரி என்று சொல்லாது. ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் பெயர் பாட்டிக்கு நினைவிருந்தது. ஆனால் அத்தனை பழைய குறிப்பு அங்கே கிடைக்கவில்லை. "நடுவில் ஒரு தடவை இதே மாதிரி குகைக்குள் படுத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று பாட்டி சொன்னார். அது சி.டி. ஆகவும் இருந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஆகவே இருந்திருந்தாலும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போன முறை தலை இருந்த கோணம் வேறு, இயந்திரத்தின் வலு வேறு. போன முறை தப்பியது இம்முறைக்கு உத்தரவாதம் ஆகாது. ரேடியாலஜி மருத்துவர் பரிந்துரைத்த மருத்துவரிடம் பேசினார். பாட்டிக்கு முதுகெலும்பு சி.டி. எடுக்கப்பட்டது. சிகிச்சைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே முதல் கோரிக்கை: பொருளின் பெயரை விட்டுவிட்டு ஆபரேஷனைக் கேளுங்கள். "உங்களுக்கு எப்போதாவது, எவ்வளவு காலத்துக்கு முன்பானாலும், ஆபரேஷன் நடந்திருக்கிறதா? இப்போது முழுதாகக் குணமாகியிருந்தாலும் சொல்லுங்கள்." அதன் பிறகு தலையில் தொடங்கிக் கால் வரை ஒவ்வோர் இடமாகத் தனி வரி: தலை, கண், காது, கழுத்து, நெஞ்சு, முதுகு, வயிறு, கை, கால். ஒவ்வொரு வரியிலும் "எப்போது, எந்த மருத்துவமனையில்" என்று எழுத இடம். இன்னொன்றையும் சேர்த்தே ஆக வேண்டும்: "வெட்டாமல், கை வழியாகவோ தொடை வழியாகவோ குழாய் விட்டுச் செய்த சிகிச்சை ஏதாவது உண்டா?" ஸ்டென்ட் வைத்துக்கொண்டவரிடம் ஆபரேஷன் ஆயிற்றா என்று கேட்டால், "ஆபரேஷன் எல்லாம் இல்லை, ஆஞ்சியோ மட்டும்தான்" என்பார். அவரைப் பொறுத்தவரை அது சரியான பதில்.

காது தனி வரி கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டு வருகிறது. அப்படிப் பொருத்திக்கொண்ட முதல் குழந்தைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். விளையாடும்போது முழங்காலைத் திருகிக்கொண்டு நம்மிடம் ஸ்கேனுக்கு வருகிறார்கள். படிவம் அவர்களிடம் கேட்பது: "காது மெஷினைக் கழற்றிவிட்டீர்களா?" அம்மா உடனே, "கழற்றிப் பையில் வைத்துவிட்டேன்" என்கிறார். அவர் கழற்றியது வெளியே மாட்டும் பாதியை. தோலுக்கு அடியில் இருக்கும் மறுபாதிக்குள் ஒரு நிரந்தரக் காந்தம் இருக்கிறது. வெளிப்பகுதி தலையில் ஒட்டி நிற்பதே அந்தக் காந்தத்தால்தான். இயந்திரத்துக்குள் போனால் அது புரள முயலும், கடுமையாக வலிக்கும், இடம் பெயர்ந்தால் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். சாதாரணக் காது மெஷினுக்கும் இதற்கும் வீட்டில் ஒரே பெயர்தான். அதனால் கேள்வி இப்படி இருக்கட்டும்: "காது கேட்பதற்காக ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஏதாவது வைத்திருக்கிறார்களா?" ஆம் என்றால், அந்தக் குடும்பத்திடம் இருக்கும் கருவி அட்டையைப் பார்க்காமல் எதுவும் செய்யக்கூடாது. சில மாதிரிகளை 1.5 டெஸ்லாவில் தலையை இறுகக் கட்டி எடுக்கலாம். சிலவற்றில் காந்தத்தை முதலில் வெளியே எடுக்க வேண்டும். புதிய சில மாதிரிகளில் காந்தம் தானே சுழன்று திரும்பிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். எது எது என்பதை அட்டையில் உள்ள மாதிரி எண்தான் சொல்லும்.

இதே வகையில் சேர வேண்டிய ஒன்று, மூளையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய். அதைப் பெற்றோர் 'தலையில் டியூப்' என்பார்கள். டியூப் என்பது ரப்பர்தானே என்று, உலோகக் கேள்விக்கு 'இல்லை' போடுவார்கள். அந்தக் குழாயின் வால்வுகளில் ஒரு வகை, வெளியிலிருந்து காந்தத்தால் அளவு திருத்தக்கூடியது. அதனால்தான் நம் காந்தமும் அந்த அளவை மாற்றிவிடக்கூடும். ஸ்கேன் செய்யலாம், ஆனால் முடிந்ததும் அளவைச் சரிபார்த்துத் திரும்ப வைக்க நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்க வேண்டும். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் எடுத்து அனுப்பிவிட்டால், குழந்தைக்குத் தலைவலியும் வாந்தியும் வரும்போது ஸ்கேனை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்தது கண். எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்றால், வேறெதைச் சரியாகக் கேட்டும் பயனில்லை. பம்ப் தயாரிப்பும் ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் தெருவுக்குத் தெரு இருக்கும் இடம் இது. 1986 இல் பதிவான ஒரு நிகழ்வில், தகடு வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரின் கண்ணுக்குள், அவரே அறியாமல், ஓர் இரும்புத் துணுக்கு இருந்தது. ஸ்கேன் எடுத்தபோது அது நகர்ந்தது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, அந்தக் கண் பார்வை போயிற்று. அந்த இயந்திரம் இன்று நாம் வைத்திருப்பவற்றைவிட மிக வலு குறைந்தது.

படிவத்தில் இருப்பதோ, "கண்ணில் உலோகத் துகள் உள்ளதா?" என்ற கேள்வி. இருந்தால் கண்ணை மூடிக்கொண்டா வந்திருப்பார் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். இதை மூன்று படிகளாகக் கேட்க வேண்டும். முதலில்: "லேத், கிரைண்டிங், வெல்டிங், ஃபவுண்டரி, பட்டறை வேலை எதையாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா?" இப்போது டீக்கடை வைத்திருப்பவர் இருபது வயதில் கிரைண்டிங் செய்தவராக இருக்கலாம். அதனால் 'இப்போதைய தொழில்' என்று கேட்டுப் பயனில்லை. இரண்டாவது: "அப்போதோ வேறு எப்போதாவதோ கண்ணில் இரும்புத் தூள் தெறித்து, ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா, அல்லது பட்டறையிலேயே யாராவது எடுத்துவிட்டார்களா?" இந்தக் கடைசிப் பகுதி முக்கியம். கண்ணில் தூள் விழுந்தால் பக்கத்து மெஷின்காரர் துணி நுனியாலோ சிறு காந்தத்தாலோ எடுத்துவிடுவது பட்டறைகளில் சாதாரணம். அதை யாரும் விபத்தாக நினைப்பதில்லை. மூன்றாவது: "முழுதாக எடுத்தாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாரா?"

மருத்துவரே பார்த்து எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று சொல்லியிருந்தால், அதன் பிறகு எதுவும் படவில்லை என்றால், மேலே போகலாம். பட்டறையிலேயே எடுத்தார்கள் என்றாலோ, டாக்டர் என்ன சொன்னார் என்று நினைவில்லை என்றாலோ, இரு கண்குழிகளுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கண்ணை மேலே பார்க்கச் சொல்லி ஒன்று, கீழே பார்க்கச் சொல்லி ஒன்று. துணுக்கு கண்ணுக்குள் இருந்தால் இரண்டு படங்களிலும் அது இடம் மாறித் தெரியும். சமீபத்தில் தலைக்கு எடுத்த சி.டி. இருந்தால் அதையே பார்க்கலாம். பட்டறை வேலை செய்தவர் என்பதற்காக மட்டுமே எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பில் போடும் மையங்களையும் பார்த்திருக்கிறேன். கேள்வியைச் சரியாகக் கேட்டால் அந்தப் பில்லில் பெரும்பகுதி தேவையே இல்லை.

துப்பாக்கிக் குண்டு பற்றிய கேள்வியும் இப்படித்தான். ஈழத்திலிருந்து வந்து முகாம்களில் வாழ்பவர்களிடம், "துப்பாக்கிச் சூட்டுக் காயம் உண்டா?" என்றால் இல்லை என்பார்கள். சுட்டதில்லை, ஷெல் துண்டு பட்டது. சிலவற்றை எடுக்க முடியாது என்று மருத்துவர்களே உள்ளே விட்டிருப்பார்கள். "குண்டு, ஷெல், வெடி ஆகியவற்றின் துண்டு ஏதாவது உடம்பில் தங்கியிருக்கிறதா?" என்று கேட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

பேஸ்மேக்கர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதை மட்டும் எல்லாப் படிவங்களும் கேட்கின்றன. ஒரு திருத்தம் போதும்: "நெஞ்சிலோ உடலின் வேறு இடத்திலோ பேட்டரியில் ஓடும் கருவி வைத்திருக்கிறார்களா? முன்பு வைத்து, பிறகு எடுத்துவிட்டார்களா?" எடுத்தவர்களுக்கும் பழைய கம்பி உள்ளே விடப்பட்டிருக்கலாம், மறுமுனையில் எதனோடும் இணையாத அந்தக் கம்பி சூடாகக்கூடும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றது என்று அட்டையில் இருக்கும் கருவியும் அப்படியே உள்ளே போகலாம் என்று பொருளில்லை. கருவியும் கம்பியும் இரண்டும் ஏற்றவையாக இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன்பு இதய மருத்துவக் குழு கருவியை அதற்குரிய முறைக்கு மாற்றி, முடிந்த பிறகு திரும்ப மாற்ற வேண்டும்.

இனி உடம்புக்கு வெளியே இருப்பவை. "நகைகள், உலோகப் பொருள்கள் அனைத்தையும் கழற்றவும்" என்ற வரியை எழுதியவர், ஒரு நாளாவது பெண்கள் உடை மாற்றும் அறையின் வாசலில் நின்றிருக்க வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. தாலிக்கொடியில் வரிசையாகக் கோத்திருக்கும் ஊக்குகளைத்தான் இழுக்கும். எஃகு ஊக்கு கண்ணை நோக்கிப் பறக்கக்கூடியது. நகையைக் கழற்றச் சொன்னால் தாலியைச் சிலர் புடவைக்குள் மறைப்பார்கள், அதோடு ஊக்குகளும் மறையும். கழற்றத் தயங்கும் பெண்களுக்கு எங்கள் நர்ஸ் அக்கா ஒரு மஞ்சள் கயிறு வைத்திருப்பார். அதைக் கட்டிக்கொண்டு கொடியைக் கணவரிடம் கொடுத்துவிடுவார்கள். உங்கள் படிவம் இதை வெளிப்படையாகவே சொல்லலாம்: "தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியிருக்கும். மஞ்சள் கயிறு எங்களிடம் இருக்கிறது. தயக்கம் இருந்தால் நர்ஸிடம் தனியாகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்."

ஆண்களிடம் கேட்க வேண்டியவை வேறு. அரைஞாண் கயிற்றில் சாவி, தாயத்து. சனிக்காகப் போட்டிருக்கும் குதிரை லாட மோதிரம். அது சுத்த இரும்பு, ஆனால் அணிந்திருப்பவருக்கு அது நகையும் அல்ல, உலோகமும் அல்ல, பரிகாரம். பெல்ட்டில் இருக்கும் சில்லறை: ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களில் புழக்கத்தில் உள்ள பெரும்பாலானவை காந்தம் இழுக்கும் எஃகு. முகக்கவசத்தின் மூக்குப் பகுதியில் இருக்கும் கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஒரு நோயாளியின் முகத்தில் தீக்காயம் ஏற்பட்ட பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 டிசம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. சர்க்கரை அளவு பார்க்கக் கையில் ஒட்டியிருக்கும் சென்சாரும், சில மருந்துப் பட்டைகளும் தோலோடு ஒன்றிப்போனவை. "உடம்பில் எதையாவது ஒட்டியிருக்கிறீர்களா?" என்று தனியாகக் கேட்டால் ஒழிய யாருக்கும் அவை நினைவுக்கு வராது.

இவற்றையெல்லாம் ஆம்-இல்லைக் கேள்விகளாக அச்சடித்தால் தாள் நீளும், பதில் தேயும். வெளிப் பொருள்களுக்கு நான் கேட்பது படிவம் அல்ல, பை இல்லாத ஒரு கவுன். எல்லோரும், அவசர நோயாளியும், தெரிந்தவரின் சிபாரிசில் வந்தவரும், உள்ளாடை வரை மாற்றிக்கொண்டு அதை அணிந்தால், இந்தப் பட்டியலில் பாதி அடிபட்டுப் போகும். துவைக்கும் செலவு உங்களுக்கு உறுத்தும் என்று தெரியும்.

நோயாளிக்காவது ஒரு படிவம் இருக்கிறது. கூட வருபவருக்கு ஒன்றுமே இல்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் இறந்த 32 வயது இளைஞர் நோயாளி அல்லர், நோயாளியின் உறவினர். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்; சிலிண்டரோடு அவரையும் இயந்திரம் இழுத்துக்கொண்டது. இயந்திரம் அணைந்திருக்கிறது என்று ஊழியர் சொன்னதாகக் குடும்பத்தினர் கூறினார்கள். 2025 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் இறந்த 61 வயதுக்காரரும் நோயாளி அல்லர். முழங்கால் ஸ்கேன் முடிந்து படுத்திருந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போனார். கழுத்தில் உடற்பயிற்சிக்கான, சுமார் ஒன்பது கிலோ எடையுள்ள சங்கிலி இருந்தது. படம் எடுத்து முடிந்ததும் சத்தம் நிற்கிறது. சத்தம் நின்றால் கரண்ட் நின்றது என்று பொருள் கொள்வது மனித இயல்பு. கடத்திகளை ஹீலியத்தில் குளிர்வித்து இயங்கும் நம் காந்தங்கள் இரவும் பகலும், மின்சாரம் போனாலும், இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

எனவே வாசலைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும், அம்மாவாக இருந்தாலும் வார்டு ஊழியராக இருந்தாலும் மயக்க மருத்துவராக இருந்தாலும், தனித் தாள் வேண்டும். அதன் முதல் வரி கேள்வியாக இல்லாமல் அறிவிப்பாக இருக்கட்டும்: "சத்தம் இல்லாதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டிருக்கிறது. நாங்கள் கூப்பிடாமல் உள்ளே வராதீர்கள், கையில் எதையும் கொண்டுவராதீர்கள்." அதன் பிறகு நோயாளிக்குக் கேட்ட அதே தலை, கண், காது, நெஞ்சுக் கேள்விகள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் தாத்தாவின் நெஞ்சில் பேட்டரி இருக்கலாம்.

தாளின் அமைப்பில் மூன்று மாற்றங்களைக் கேட்கிறேன். ஆம், இல்லை என்பவற்றோடு "தெரியாது" என்ற கட்டமும் இருக்க வேண்டும். அது இல்லாதபோது, தெரியாதவர்கள் எல்லோரும் 'இல்லை' பக்கம் போய்ச் சேருகிறார்கள். 'தெரியாது' வந்தால் ஸ்கேன் நிற்கும், விசாரிக்கப்படும் என்பதைத் தாளிலேயே எழுதுங்கள். சிறுநீரகம், ஒவ்வாமை, கர்ப்பம் பற்றிய கேள்விகளையும் பணம் பற்றிய வரிகளையும் வேறு தாளுக்கு மாற்றுங்கள். எல்லாம் ஒன்றாகக் கிடக்கும் தாளில் கை தானாகவே வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டு போகும். "பின்விளைவுகளுக்கு நானே பொறுப்பு" என்ற வரியை அடித்துவிடுங்கள். அதைப் படிப்பவர் பயப்படுகிறார், பயந்தவர் குறைவாகவே சொல்வார். அந்த இடத்தில், வாய்விட்டுக் கேட்டவரின் பெயரும், பதில் சொன்னவர் நோயாளியா உறவினரா என்பதும், நேரமும் வரட்டும். நினைவிழந்து வருபவர் விஷயத்தில் உறவினரின் பதிலும் போதாது. தழும்பு இருக்கிறதா என்று உடம்பைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் தலைக்கும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்த பிறகே உள்ளே விட வேண்டும்.

இப்படிக் கேட்டால் எல்லோரையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இன்று தேவையில்லாமல் திருப்பி அனுப்புவதுதான் அதிகம். இடுப்பு மூட்டு மாற்றியவரையும், காப்பர் டி வைத்திருக்கும் பெண்ணையும், பல் அடைத்தவரையும், உலோகம் என்ற ஒரு சொல்லுக்காகப் பயமுறுத்தி அலையவிடுகிறோம். இவர்களில் பெரும்பாலோரை அன்றே ஸ்கேன் செய்திருக்கலாம். மூட்டுக்கு அருகே படம் கெடும், அவ்வளவுதான். எங்கே, எப்போது, எந்த மருத்துவமனை என்ற மூன்று பதில்கள் கையில் இருந்தால், யாரை நிறுத்துவது, யாரை அனுப்புவது என்று எங்களால் சொல்ல முடியும்.

கடைசியாக, நேரம். இந்தக் கேள்விகளை ஸ்கேனுக்குப் பத்து நிமிடம் முன்பு கேட்டால், பதில் 'ஆம்' என்று வரும்போது எல்லோருக்கும் கோபம்தான் வரும். தேதி கொடுக்கும் தொலைபேசி அழைப்பிலேயே தலை, கண், காது, நெஞ்சு ஆகிய நான்கையும் கேட்டுவிடுங்கள். "பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கருவி அட்டை எது இருந்தாலும் எடுத்து வாருங்கள்" என்று சொல்லச் சொல்லுங்கள். வந்ததும் தாளில் ஒரு முறை, காந்த அறையின் கதவருகே டெக்னீஷியன் வாய்மொழியாக ஒரு முறை. அந்தக் கடைசி முறையில் பதில் மாறினால், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும், ஸ்கேனை நிறுத்தும் அதிகாரம் டெக்னீஷியனுக்கு உண்டு என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த முறை படிவம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் மையத்தின் டெக்னீஷியனையும் நர்ஸையும் உட்காரவைத்து, பட்டறைக்காரர் ஒருவரிடமும் வயதான பெண் ஒருவரிடமும் அதை வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அரை நாள் ஆகும்.

இப்படிக்கு,
ஓர் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்,
கோயம்புத்தூர்